பி.எஃப். செக்லிஸ்ட் கேட்டுப் பதிவு செய்கிறார்கள், ஆனால் கைக்குப் போய்ச் சேரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் இருக்கும் ஒரு நிதி ஆலோசகரின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். "வேலை மாறினீர்களா? பி.எஃப். பணம் கேட்கும் முன் பார்க்க வேண்டிய பட்டியல்" என்று ஒரு பக்க செக்லிஸ்ட் இலவசமாகத் தரப்படுகிறது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பட்டியல் மெயிலில் வரும். ஏற்பாடு எளிமையானதுதான். ஆனால் இதில் திரும்பத் திரும்ப ஒரே சில இடங்கள்தான் உடைகின்றன. அவற்றை அறிகுறிவாரியாகக் கீழே பார்க்கலாம். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எதையும் தொடும் முன் ஒரு சோதனை

உங்கள் கணினியில், நிர்வாகியாக உள்நுழைந்த நிலையில் சோதிக்காதீர்கள். அந்த நிலையில் தளம் பெரும்பாலும் கேஷ், அதாவது சேமித்து வைத்த பழைய நகல், இல்லாமல் புதிதாகத் திறக்கும். வெளியாருக்கு வரும் கோளாறு உங்கள் கண்ணில் படாது. வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டேட்டாவில், இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள்.

மூன்று முகவரிகளில் பதிவு செய்யுங்கள்: ஒரு ஜிமெயில், ஒரு யாகூ அல்லது ரெடிஃப், உங்கள் சொந்த டொமைனில் உள்ள அலுவலக முகவரி. ஜிமெயிலில் ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்ற வேண்டும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டால் அதே பெட்டிக்கு வரும், ஆனால் பட்டியலை அனுப்பும் மெயில் சேவை அதைப் புதிய ஆளாக எண்ணிக்கொள்ளும்:

```
yourname+test1@gmail.com
yourname+test2@gmail.com
```

இது ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான மெயில் சேவைகளில் தானியங்கி மெயில் புதிதாகச் சேர்பவருக்கு மட்டுமே கிளம்பும். முதல் சோதனையில் வந்தது, இரண்டாவதில் வரவில்லை என்று பதறி, நன்றாக இருந்த அமைப்பைக் கலைத்துவிடுபவர்கள் உண்டு. அங்கே கோளாறு எதுவும் இல்லை. பழைய முகவரியையே மறுபடி போட்டதுதான் காரணம்.

இப்போது நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதும் நன்றிப் பக்கம் வந்ததா? பட்டியலில் முகவரி ஏறியதா? மெயில் வந்ததா, வந்தால் எந்தப் பெட்டிக்கு? பி.டி.எஃப். திறந்ததா? எந்தப் படியில் நின்றதோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: ஆட்கள் வருகிறார்கள், ஃபார்மை யாரும் நிரப்புவதில்லை

முதல் சந்தேகம் தலைப்பின் மேல். "முழுமையான நிதித் திட்டமிடல் வழிகாட்டி" என்ற தலைப்பு யாரையும் நிறுத்தாது. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியை விட்டு வேறொன்றில் சேர்ந்த சூப்பர்வைசருக்கு அன்றைக்குத் தலைவலி ஒன்றுதான்: பி.எஃப். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது ஏன்? அந்த ஒரு தலைவலிக்கு ஒரு பக்கம் போதும். அதில் இருக்க வேண்டிய வரிகள் இப்படி இருக்கலாம்:

☐ யு.ஏ.என். செயல்பாட்டில் உள்ளதா? ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் கையில் இருக்கிறதா?
☐ பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? இனிஷியல் விரிவாக்கத்தில்தான் பெரும்பாலும் மாட்டும்.
☐ பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்ததா? செய்யாவிட்டால், கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே போர்ட்டலில் பதியலாம்.
☐ வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. புதியதா? 2020இல் இணைக்கப்பட்ட வங்கிகளில், உதாரணமாக இந்தியன் வங்கியோடு சேர்ந்த அலகாபாத் வங்கியில், கணக்கு வைத்திருந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.
☐ முந்தைய கம்பெனிகளின் கணக்குகள் இப்போதைய கணக்குக்கு மாற்றப்பட்டனவா?
☐ பான் இணைந்துள்ளதா? மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டு நிறையாமல் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள்; பான் இல்லையென்றால் பிடிப்பு கூடும்.
☐ நாமினி பதிவு திருமணத்துக்குப் பின் புதுப்பிக்கப்பட்டதா?

இந்த ஏழு வரிகளே போதும். ஒவ்வொன்றுக்கும் "ஆம்" அல்லது "இல்லை" என்று டிக் போட முடிய வேண்டும். "உங்கள் இலக்குகளைச் சிந்தியுங்கள்" என்று ஒரு வரி நுழைந்துவிட்டால் அது செக்லிஸ்ட் அல்ல, கட்டுரை. அடியில் "சரிபார்த்த தேதி" என்று ஒரு வரி கட்டாயம் வையுங்கள். பி.எஃப். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை; பழைய பட்டியலை நம்பி ஒருவர் மனு போட்டு அது நிராகரிக்கப்பட்டால், போவது உங்கள் பெயர்.

அடுத்தது கேள்விகளின் எண்ணிக்கை. பெயர், மின்னஞ்சல்: இரண்டோடு நிறுத்துங்கள். கைப்பேசி எண் பெட்டியைப் பார்த்ததும் "நாளைக்கு போன் மேல் போன் வரும்" என்று பாதிப் பேர் பின்வாங்குவார்கள். எண் தேவைதான் என்றால், பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகு மெயிலில் கேட்கலாம். ஆதார், பான், சம்பளம் ஆகியவற்றை இந்த ஃபார்மில் கேட்கவே கூடாது.

ஃபார்ம் கைப்பேசியில் தட்டச்சு செய்ய வசதியாக இருக்கிறதா? மின்னஞ்சல் பெட்டியைச் சாதாரண எழுத்துப் பெட்டியாக வைத்தால், @ குறியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சில கீபோர்டுகள் முதல் எழுத்தைப் பெரிதாக்கும், சொல்லுக்குப் பின் இடைவெளி விடும். பெட்டி இப்படி இருக்க வேண்டும்:

```
<input type="email" name="email"
       autocomplete="email" required>
```

பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், ஐபோனில் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி நகர்ந்துவிடும். பொத்தான் திரைக்கு வெளியே போகும். ஒரு வரி சி.எஸ்.எஸ். மாற்றினால் தீரும்.

ஒப்புதல் வரி. "பட்டியலையும், மாதம் ஒரு மெயிலையும் எனக்கு அனுப்பலாம்" என்று ஒரு டிக் பெட்டி வையுங்கள். அதை நீங்களே முன்கூட்டி டிக் போட்டு வைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே இதுதான்: எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லி வாங்க வேண்டும், ஒப்புதல் தந்த அளவுக்கே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

இங்கே யாரைக் கூப்பிட வேண்டும்? பட்டியலில் முதலீடு பற்றி ஒரு வரி வந்தாலும், வெளியிடும் முன் விதிமுறை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் வேறு, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் வேறு. விநியோகஸ்தர் மட்டுமாக இருப்பவர் தன்னை "நிதி ஆலோசகர்" என்று பக்கத்தின் மேல் போட்டுக்கொண்டு முகவரி சேகரிப்பது, ஃபார்ம் கோளாறை விடப் பெரிய சிக்கல்.

## அறிகுறி 2: பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது பிழை காட்டுகிறது

"காலையில் வேலை செய்தது, மறுநாள் இல்லை" என்றால் கேஷைப் பாருங்கள். வேர்ட்பிரஸில் பல ஃபார்ம் பிளகின்கள், பக்கத்தோடு ஒரு மறைவான பாதுகாப்புக் குறியை அனுப்புகின்றன. அதற்கு ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். கேஷ் பிளகின் நேற்றைய பக்கத்தையே இன்றும் காட்டினால், குறி காலாவதியாகி ஃபார்ம் நிராகரிக்கப்படும். கேஷைத் துடைத்தவுடன் சரியாகி, ஒரு நாள் கழித்து மறுபடி கெட்டால் காரணம் இதுவேதான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேஷ் பிளகின் அமைப்பில் விலக்கி வையுங்கள். ஹோஸ்டிங்கிலும் தனியாக ஒரு கேஷ் இருந்தால், அங்கும் விலக்க வேண்டும்.

கேப்சா பெட்டியில் சிவப்பு எழுத்து. `Invalid domain for site key` என்று வந்தால், கேப்சா சாவி வேறு டொமைனுக்கு வாங்கியது. தளத்தைச் சோதனை முகவரியிலிருந்து உண்மையான முகவரிக்கு மாற்றியபோது இது விடுபட்டிருக்கும். கேப்சா கணக்கில் புதிய டொமைனைச் சேர்த்தால் முடிந்தது.

இரண்டும் இல்லையென்றால், பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். கடைசியாகப் புதுப்பித்ததிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் நிறுத்தியும் பொத்தான் சுற்றினால், தளத்தைக் கட்டியவரைக் கூப்பிடுங்கள். "ஃபார்ம் வேலை செய்யலை" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கைப்பேசி, எந்த பிரவுசர், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் சர்வர் பதிவேட்டில் அந்த வரியை அவரால் உடனே எடுக்க முடியும்.

## அறிகுறி 3: பதிவானது, நன்றிப் பக்கம் வந்தது, மெயில் வரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். அவசரப்பட்டு வேறு சேவைக்கு மாறினால் கோளாறும் கூடவே வரும், வரிசையாகப் பாருங்கள்.

முகவரியையே படியுங்கள். பட்டியலில் ஏறியிருப்பது gmial.com ஆகவோ gmail.con ஆகவோ இருக்கலாம். அப்படி அடிக்கடி வந்தால், தவறைச் சுட்டிக்காட்டும் வசதி உங்கள் ஃபார்ம் பிளகினில் உண்டா என்று பார்த்து இயக்குங்கள்.

உறுதிப்படுத்தாமல் நிற்கிறாரா? இரட்டை ஒப்புதல் முறை போட்டிருந்தால், முதல் மெயிலில் உள்ள இணைப்பை அவர் தட்டிய பிறகே பட்டியல் போகும். பலர் அந்த முதல் மெயிலையே பார்ப்பதில்லை. முறையை எடுத்துவிடாதீர்கள். நன்றிப் பக்கத்தில் "ஐந்து நிமிடத்தில் இன்ன பெயரில், இன்ன தலைப்பில் ஒரு மெயில் வரும், அதிலுள்ள பொத்தானைத் தட்டினால் பட்டியல் வரும், காணவில்லை என்றால் ஸ்பேமிலும் புரொமோஷன்ஸ் பகுதியிலும் பாருங்கள்" என்று எழுதுங்கள். "நன்றி!" என்று மட்டும் போட்ட பக்கம் யாருக்கும் உதவாது.

தானியங்கி ஓடுகிறதா? பட்டியலை மாற்றியோ, ஃபார்மை நகலெடுத்தோ இருந்தால், தானியங்கி இன்னும் பழைய ஃபார்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

அனுப்புநர் முகவரி. இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். மெயில் சேவையில் அனுப்புநராக உங்கள் @gmail.com முகவரியைப் போடுவது ஒன்று. ஜிமெயில் பெயரில் ஜிமெயில் அல்லாத சர்வர் அனுப்பும் மெயிலைப் பெறுபவரின் பெட்டி சந்தேகிக்கும். சொந்த டொமைன் முகவரி கட்டாயம். இன்னொன்று, உங்களுக்கு வரும் "புதியவர் பதிவு செய்தார்" அறிவிப்பில், அனுப்புநர் இடத்தில் வந்தவரின் முகவரியையே போடுவது. அதுவும் அவர் பெயரில் போலியாக அனுப்புவதற்குச் சமம். `From` இடத்தில் உங்கள் டொமைன் முகவரி, `Reply-To` இடத்தில் வந்தவரின் முகவரி என்று வையுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஸ்பேமுக்குப் போகிறது. இப்போது டொமைன் கணக்கில் உள்ள டி.என்.எஸ். பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். சத்துவாச்சாரியில் ஒரு அலுவலகம், டொமைன் example.in என்று வைத்துக்கொள்வோம். அலுவலக மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடுகிறது. செக்லிஸ்ட் மெயில் தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து போகிறது. ஜிமெயிலில் ஸ்பேமில் விழுகிறது. யாகூவில் வருவதே இல்லை.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஸ்பேமில் உள்ள அந்த மெயிலின் மூன்று புள்ளிகளைத் தட்டி `Show original` பாருங்கள். மேலே இப்படி இருக்கிறது:

```
SPF:   PERMERROR
```

DKIM, DMARC வரிகளே இல்லை. SPF என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவு. PERMERROR என்றால் பதிவே தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் கட்டளை ஜன்னலில்:

```
nslookup -type=txt example.in
```

பதிலில் v=spf1 என்று தொடங்கும் இரண்டு வரிகள்:

```
v=spf1 include:_spf.google.com ~all
v=spf1 a mx ip4:203.0.113.25 ~all
```

முதலாவது வொர்க்ஸ்பேஸ் அமைத்தபோது போட்டது. இரண்டாவது ஹோஸ்டிங் மாற்றியபோது சேர்ந்தது. ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது, இரண்டையும் தள்ளிவிடும். பழையது இருக்கட்டும் என்று புதியதைப் பக்கத்தில் சேர்ப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. இரண்டையும் நீக்கிவிட்டு ஒன்றாக எழுதுங்கள்:

```
v=spf1 include:_spf.google.com ip4:203.0.113.25 ~all
```

`a` என்பது தளத்தின் சர்வர். அதன் எண்ணையே எழுதியாயிற்று. `mx` என்பது மெயில் பெறும் சர்வர், இங்கே கூகுள். அதுவும் ஏற்கெனவே உள்ளது. include, a, mx போன்றவற்றால் நடக்கும் டி.என்.எஸ். தேடல்கள் மொத்தம் 10ஐத் தாண்டினாலும் இதே PERMERROR வரும். எனவே தேவையில்லாததை விட்டுவிடுவது நல்லது.

அடுத்து DKIM, அதாவது மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம். ஹோஸ்டிங்கில் சிபேனல் இருந்தால் `Email Deliverability` பக்கத்தில் அந்த வரி கிடைக்கும். டி.என்.எஸ். வேறு நிறுவனத்தில் இருந்தால் சிபேனலால் தானாக எழுத முடியாது. வரியை நகலெடுத்து டொமைன் கணக்கில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் செல்லாது. கடைசியாக, இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் DMARC, `_dmarc` என்ற பெயரில்:

```
v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.in
```

தொடக்கத்தில் `p=none` தான். எடுத்தவுடன் reject போட்டால், விடுபட்ட ஏதாவது ஒரு வழியில் போகும் உங்கள் அலுவலக மெயிலே திரும்பிவிடும். பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் காலமான டி.டி.எல். முடியும் வரை, சில மணி நேரம், பொறுங்கள். பிறகு +test3 முகவரியில் மறுபடி பதிவு செய்து, மூன்றும் PASS என்று வருகிறதா பாருங்கள்.

PASS வந்தும் ஸ்பேமுக்கே போனால், பகிர்வு ஹோஸ்டிங்கின் ஐ.பி. எண்ணே பேர் கெட்டிருக்கலாம். அதே எண்ணில் பல தளங்கள் இருக்கும். யாரோ ஒருவர் குப்பை அனுப்பினால் எல்லாருக்கும் பழி. அப்போதுதான் காசு கொடுத்து மெயில் சேவை வாங்குவது சரியான முடிவு. வாங்கினால், அதன் DKIM வரியையும் உங்கள் டொமைனில் சேருங்கள். அதைச் சேர்க்காமல் விட்டால் பாதிப் பயன்தான்.

மற்றவர்களுக்கு வருகிறது, உங்கள் அலுவலக முகவரிக்கு மட்டும் அறிவிப்பு வரவில்லை. இது வேறு கோளாறு. மெயில் கூகுளில் இருப்பது ஹோஸ்டிங் சர்வருக்குத் தெரியவில்லை, example.in என்றவுடன் "நம் வீட்டு முகவரிதானே" என்று தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சிபேனலில் `Email Routing` பக்கத்தில் `Remote Mail Exchanger` என்று மாற்றினால் தீரும்.

நிபுணர் தேவைப்படும் இடம். டொமைன் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். டொமைனை டெவலப்பர் தன் பெயரில் வாங்கி வைத்திருப்பது நம் ஊர்ப்பக்கம் சாதாரணமாக நடக்கிறது. முதலில் அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மேலும், அலுவலக மெயில் ஓடிக்கொண்டிருக்கும் டொமைனில் `MX` வரியைத் தொட வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை நீங்களாகச் செய்யாதீர்கள். செக்லிஸ்ட் மெயிலுக்கு அது தேவையே இல்லை. தவறினால் வாடிக்கையாளர் மெயில் எல்லாம் நின்றுவிடும்.

## அறிகுறி 4: மெயில் வந்தது, பட்டியல் திறக்கவில்லை

"அனுமதி கேளுங்கள்" என்று வருகிறது. பி.டி.எஃப். கூகுள் டிரைவில் இருக்கிறது, பகிர்வு உங்களுக்கு மட்டும். `Anyone with the link` ஆக்குங்கள். இதைவிட, கோப்பை உங்கள் தளத்திலேயே ஏற்றுவது நல்லது. கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்: `pf-checklist.pdf`. தமிழில் பெயர் வைத்தால் இணைப்பு நீண்ட சதவீதக் குறிகளாக மாறி, வாட்ஸ்அப்பில் பகிரும்போது நடுவில் அறுந்துபோகலாம்.

தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். பி.டி.எஃப்.இலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்; ஆங்கில எழுத்துகளாக வந்தால் அதுதான். யூனிகோடுக்கு மாற்றி மறுபடி பி.டி.எஃப். ஆக்குங்கள். யூனிகோடாக இருந்தும் கெட்டால், அக்ரோபாட் ரீடரில் `Properties` ஜன்னலின் `Fonts` பகுதியில் எழுத்துருவின் பக்கத்தில் `Embedded` அல்லது `Embedded Subset` என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுத்துரு கோப்புக்குள் போகவில்லை. உங்கள் கணினியில் மட்டும்தான் அழகாகத் தெரியும்.

## அறிகுறி 5: முகவரிகள் குவிகின்றன, ஆனால் யாரும் ஆட்களாகத் தெரியவில்லை

ஒரே நிமிடத்தில் பத்துப் பதிவு, பெயர் இடத்தில் பொருளற்ற எழுத்துக் கோவை என்றால், ஃபார்மைத் தானாக நிரப்பும் நிரலான பாட் வேலை. பட்டியல் பெரிதாகிறதே என்று விட்டுவைக்காதீர்கள். அந்த முகவரிகளுக்குப் போகும் மெயில்கள் திரும்பி வரும், சில அப்பாவிகள் ஸ்பேம் என்று புகார் அழுத்துவார்கள். மொத்தமாக அனுப்புவோரின் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்பது கூகுளின் வரம்பு. நூறு பேர் பட்டியலில் ஒரு புகாரே 1 சதவீதம்.

முதலில் ஃபார்ம் பிளகினில் `honeypot` வசதியை இயக்குங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி அது. அதை நிரப்புவது பாட் மட்டுமே. போதவில்லை என்றால் இரட்டை ஒப்புதல். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டும் கேப்சா, ஏனென்றால் அது உண்மையான ஆட்களையும் கொஞ்சம் விரட்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட, ஒரு மெயிலைக்கூட உறுதிப்படுத்தாத முகவரிகளை நீக்கிவிடுங்கள். முகவரி ஒன்றும் ஏறாமல் ஆயிரக்கணக்கில் மெயில் கிளம்பியதாக ஹோஸ்டிங் எச்சரித்தால், அது ஃபார்ம் கோளாறு அல்ல. தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். தானியங்கியை நிறுத்தி, கடவுச்சொற்களை மாற்றி, அன்றைக்கே ஹோஸ்டிங் உதவியாளரைக் கூப்பிடுங்கள்.